குங்குமம் மறைத்த இலக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கொமினிகேஷன் கடையில், போட்டோ கொப்பி இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே எனக்கு ஒரு மேசை உண்டு. விண்ணப்பங்கள் நிரப்புவேன், கடிதங்கள் தட்டச்சு செய்வேன், அரபு மொழியில் எழுத வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். பதினொரு வருடங்கள் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அருகில் உட்கார்ந்து துணி மடிப்பேன். அவர்கள் எழுத்துக் கற்றபோது நானும் கற்றேன். ஊருக்குக் கொண்டுவந்தவற்றில் இன்னும் மிச்சமிருப்பது அதுவும் முழங்கால் வலியும்தான்.

ஒவ்வொரு நாளும் செய்த வேலையை, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். வந்தவர் யார், நேரம் என்ன, எந்தத் தாள், எத்தனை வரி. அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கிறது: "சொற்களை மாற்று. குறியீட்டையும் இலக்கத்தையும் தொடாதே." அந்த வரியை எழுத வைத்தவளைப் பற்றியதுதான் இது.

அவள் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஆறு வருடங்களாக அரபு நாட்டில், விமான நிலையம் உள்ள ஒரு சிறிய நகரத்தில், வயதான மேடம் ஒருத்தியின் வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. நாலு வருடங்களுக்கு முன்பு முதல் லீவு முடிந்து திரும்பிப் போனபோது, அவளுடைய விமானச் சீட்டை அரபுக்கு மாற்றிக் கொடுத்தவள் நான். மேடத்துக்கு ஆங்கிலம் தெரியாது. அழைத்துப்போக வரும் டிரைவருக்கும் தெரியாது. அன்று நான் எல்லாவற்றையும் மிக அழகாகச் செய்தேன். விமான இலக்கத்தின் முன்னால் இருந்த இரண்டு ஆங்கில எழுத்துக்களை அவற்றின் ஓசைப்படி அரபு எழுத்துக்களாக எழுதினேன். இலக்கங்களையும் அரபு இலக்கங்களாக்கினேன். அரபியில் ஐந்து என்பது நம்முடைய சுழியத்தைப் போல இருக்கும். சுழியமோ வெறும் புள்ளி. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத தாள்.

டிரைவர் அந்தத் தாளோடு விமான நிலையத்தில் நின்றிருக்கிறார். அறிவிப்புப் பலகை அரபுக்கு மாறினாலும் விமானக் குறியீடு ஆங்கில எழுத்திலேயேதான் நிற்கும். என் தாளில் இருந்தது பலகையில் எங்கேயும் இல்லை. அப்படி ஒரு விமானமே வரவில்லை என்று அவர் வீடு திரும்பிவிட்டார். அவள் காலையிலிருந்து மாலை வரை பதினொரு மணித்தியாலம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வெளியே போக முடியாது. முதலாளி வந்து பொறுப்பேற்கும் வரை காத்திருக்கச் சொல்லி, வீட்டுவேலைக்கு வரும் பெண்களை உட்காரவைக்கும் அறை அது. நானும் ஒருமுறை அங்கே உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு யாரைக் கேட்டுப் போவது என்று யோசித்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அறை.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பிறகு போனில், "அங்க என்னமோ தப்பு நடந்திருச்சிக்கா" என்று மட்டும் சொன்னாள். தப்பு நடந்தது அங்கே இல்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் பிடித்தது. சொன்னபோது, "சரி விடுங்கக்கா" என்றாள். இரண்டாவது லீவுக்கு வந்தவள் திரும்பும்போது மேடத்தின் தம்பி மகனே போய் அழைத்துக்கொண்டான். என் வேலை தேவைப்படவில்லை.

இந்த முறை தேவைப்பட்டது.

அவளுடைய புருஷன் காலை எட்டு நாற்பதுக்கு வந்தான். தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அரை நாள் லீவு எடுத்திருந்தான். ஆறு மணி கொழும்பு பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, கடை திறக்கும் வரை பஸ் நிலையத்திலேயே நின்றிருக்கிறான். சட்டைத் தோளில் இன்னும் பனி ஈரம் இருந்தது.

"அக்கா, அவ போயிட்டா. மேடம் வொய்ஸ் போட்டிருக்கு. எனக்கு ஒன்னும் வெளங்கல. கேட்டுச் சொல்லுங்க."

மேடத்தின் குரல் கரகரவென்று இருந்தது. சொன்னது இதுதான்: டிக்கெட்டில் உள்ளபடியே அரபியில் எழுதி அனுப்பு. போனில் சொல்வது எனக்கு வேண்டாம், முதல் லீவு முடிந்து வந்தபோது பட்டது போதும். டிரைவர் ஒன்பது மணிக்கு என் தங்கையைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் புறப்படுகிறார். அதற்கு முன்னால் எழுத்தில் வேண்டும். நாளை எந்த நேரத்துக்குத் திரும்பி விமான நிலையத்துக்குப் போவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும்.

அங்கே ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறைய நேரம் இருந்தது.

"டிக்கெட்ட காட்டுங்க தம்பி."

அவன் போனை நீட்டினான். முதல் நாளே ஒன்லைனில் இருக்கை எடுத்து அச்சடித்த இரண்டு போர்டிங் பாஸ் தாள்களின் படங்கள். கொழும்பிலிருந்து இடையில் இறங்கும் நகரத்துக்கு ஒன்று, அங்கிருந்து மேடத்தின் ஊருக்கு ஒன்று. முதல் படம் தெளிவாக இருந்தது. இரண்டாவதை விரலால் பெரிதாக்கினேன். வலது மேல் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"என்னப்பா இது?"

"நேத்து சாயங்காலம் கோயில்ல வச்சிப் பூசை பண்ணினோம். பூசாரி பொட்டு வச்சிக் குடுத்தாரு. பொட்டோட இருக்கணும்னுதான் அப்பறமா படம் எடுத்தேன்."

தோட்டத்தில் புதுக் கொப்பி, பேங்க் புத்தகம், பாஸ்போட் எதுவானாலும் சாமியின் காலடியில் வைத்துப் பொட்டு வாங்காமல் கையில் எடுக்கமாட்டார்கள். என் பாஸ்போட்டின் முதல் பக்கத்திலும் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. அவனை நான் என்ன சொல்ல? ஆனால் பூசாரியின் கட்டைவிரல் சரியாக இரண்டு விஷயங்களை மூடியிருந்தது. விமான இலக்கத்தின் கடைசி இலக்கத்தையும், அதன் கீழ் வரியில் புறப்படும் நேரத்தின் மணியையும். நிமிடம் தெரிந்தது: நாற்பது. எந்த மணிக்கு நாற்பது என்பது சந்தனத்துக்குக் கீழே. விமானத்தில் ஏறும் நேரமும் அந்த வரியில்தான். அதில் ஒரு சுழியம் மட்டும் வெளியே நின்றது.

கடை முதலாளி, எங்கள் ஊர் யாவாரக் குடும்பத்து ஆள், கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"சாமி எல்லாத்தையும் பாத்துக்கும்னு சொல்லுவாங்க. இந்தச் சாமி மறைச்சில்ல வச்சிருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

நான் முதல் தாளைத் தொடங்கினேன். என் முறை எப்போதும் ஒன்றுதான். தாளில் உள்ள வரிசையிலேயே போவேன். இடது பத்தியில் மூலத்தில் இருப்பது அப்படியே, வலது பத்தியில் அரபு. பயணி பெயர், எங்கிருந்து, எங்கே, தேதி, விமானம், ஏறும் நேரம், புறப்படும் நேரம், நுழைவாயில், இருக்கை, வரிசை எண், முன்பதிவுக் குறியீடு என்ற தலைப்புகள் எல்லாம் அரபுக்குப் போகும். நகரங்களின் பெயரும் மாதத்தின் பெயரும் போகும். நகரத்தின் பக்கத்தில் உள்ள மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு போகாது. இலக்கங்கள் எல்லாம் மூலத்தில் உள்ள வடிவத்திலேயே நிற்கும். 27C என்ற இருக்கை 27C தான். இடைவெளி விட்டுத் தட்டினால் வலமிருந்து இடமாகப் போகும் வரியில் C முன்னால் தாவிவிடும். அதனால் ஒட்டித்தான் தட்ட வேண்டும், தட்டியபின் திரும்பப் பார்க்க வேண்டும். முன்பதிவுக் குறியீட்டை ஒருமுறை முன்னிருந்தும் ஒருமுறை பின்னிருந்தும் படிப்பேன்.

பெயரில் அவளுடைய அப்பாவின் பெயர் முதலில் நிற்கும், அவள் பெயர் பிறகு, கடைசியில் திருமதி என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துக்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். அரபியில் பெயர்களைப் பிரித்து எழுதிவிட்டு, கீழே ஆங்கில வரியை ஒட்டியபடியே விட்டேன். அந்த வீட்டில் அவளை வேறொரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டிரைவருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். ஆனால் அது தாளில் இல்லை. தாளில் இல்லாததை நான் எழுதக்கூடாது.

நுழைவாயில் என்ற இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன.

"கேட் நம்பர் போடலயே அக்கா."

"அது எயார்போட்ல தான் தெரியும். வீட்லருந்து எடுக்கிற தாள்ல அநேகமா இருக்காது."

"சும்மா ஒன்னுன்னு போட்டுருங்களேன். வெறுமையா இருந்தா மேடம் ஏசும்."

"ரெண்டு கோடு இருக்கு. நானும் ரெண்டு கோடு போடுறேன்."

"ஒரு கோட்டுக்கும் கணக்கா?" என்றார் முதலாளி. "தம்பி, இந்த அக்காகிட்ட ஒரு எழுத்து கேட்டா கவருமெண்டு கச்சேரிக்குப் போன மாதிரி. மூனு கையெழுத்து இல்லாம வெளிய வராது."

இரண்டாம் தாளுக்கு வந்தபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. அவளுக்குப் போன் எடுத்தோம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான்தான் ஓஃப் பண்ணச் சொன்னேன்," என்றான் அவன். "சார்ஜ் எறங்கிறும், எயார்போட்டுக்கு வேணும்னு."

"அச்சடிச்சுக் குடுத்தது யாரு?"

"பண்டாரவளையில ஏஜென்சிக்கு ஆள் புடிக்கிறவரு. அவரு மூலப் படத்த அவ போனுக்குத்தான் அனுப்பினாரு. எனக்கு இந்தப் பொட்டு வச்சதுதான் இருக்கு."

அந்த ஆளுக்கும் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கடைக் கணினியில் தேடினேன். இடை நகரத்திலிருந்து மேடத்தின் ஊருக்கு மறுநாள் இரண்டு விமானங்கள். இரண்டின் புறப்படும் நேரமும் நாற்பதில்தான் முடிகிறது. ஒன்று விடியற்காலை நாலு நாற்பது. மற்றது பிற்பகல் இரண்டு நாற்பது. கொழும்பிலிருந்து போகும் விமானம் நள்ளிரவுக்குள் இடை நகரத்தில் இறங்கிவிடும். இரண்டில் எதையும் பிடிக்கலாம். விடியற்காலை விமானத்தின் இலக்கம் ஒன்றில் முடிந்தது, மற்றது ஏழில்.

"காலையில உள்ளதுதான்," என்றான் உடனே. "அவ எப்பவும் வெள்ளனத்தான் எறங்குவா. ஒன்னுன்னு போடுங்க."

"படத்துல ஒன்னு தெரியலயே தம்பி."

"பொட்டுக்கு அடியில ஒரு கோடு மாதிரி இருக்கு பாருங்க. அது ஒன்னுதான்."

பார்த்தேன். கோடு மாதிரி ஒன்று இருந்தது. ஏழின் காலும் கோடு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் ஒன்று என்று போட என் விரல் போனது. எத்தனை பேருக்கு எத்தனை தாள்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு இலக்கம். அவன் புருஷன், அவனே சொல்கிறான். பின்னால் ஏதாவது ஆனால் அவன் சொன்னான் என்று இருந்துவிடலாம். எனக்கு அன்று அவ்வளவு அலுப்பாக இருந்தது.

ஒன்று தட்டினேன். பிறகு அழித்தேன். விடியற்காலை என்று எழுதி அது தப்பாகிப்போனால் டிரைவர் காலையில் வருவார், அவள் இல்லை என்று பார்த்துவிட்டுப் போவார். பிற்பகலில் அவள் இறங்கி அந்த அறைக்குப் போவாள். இரண்டாம் தடவையாக, என் கையால்.

விமான இலக்கத்தில் தெரிந்ததை அப்படியே தட்டினேன். மறைந்த இடத்தில், "படத்தில் கடைசி இலக்கம் தெளிவில்லை" என்று அரபியில் எழுதினேன். நேரங்களின் எதிரிலும் அப்படியே. மேடத்துக்கு அனுப்பினேன். மணி பத்து ஐந்து.

பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது?"

"இது என்ன தாள், நான் கேட்ட ஒன்னு மட்டும் இதுல இல்லயாம்."

"நான்தான் சொன்னேனே!" குரல் உயர்ந்தது. போட்டோ கொப்பி எடுக்க வந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நம்பர் அக்கா! ஒரு நம்பர் போட மாட்டேங்குறீங்க. டிரைவர் கெளம்பிப் போனா அவ என்ன செய்வா? மொதத் தடவ உக்காந்த மாதிரி உக்காரணுமா?"

"அந்தத் தடவ உக்காந்தது நான் போட்ட நம்பராலதான்," என்றேன்.

அவனுக்கு அது தெரியாது போலிருக்கிறது. அவள் அவனிடம் சொல்லவே இல்லை. அவன் என்னை ஒருமுறை பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். முதலாளி எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் வைத்தார். அவன் உட்காரவில்லை.

கொழும்பு பஸ் பலாங்கொடையைத் தாண்டிச் சாப்பாட்டுக் கடையில் நிற்கும். அங்கே அவள் இறங்கினால் போனைத் திறப்பாள், எங்கே இருக்கிறேன் என்று சொல்லப் பழகியவள், என்று அவன் சொன்னான். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். "போனைத் திறந்ததும் டிக்கெட்டின் மூலப் படத்தை அனுப்பு" என்று அவளுக்குச் செய்தி போட்டோம். ஒரு சரி அடையாளம்தான் விழுந்தது. அது இரண்டாகவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் மற்றவர்களின் வேலையைச் செய்தேன். வெலிமடையிலிருந்து வந்த ஒருவருக்குக் காணிக் கடிதம் தட்டினேன். அவர் காய்கறிச் சாக்குகளைக் கடை வாசலில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தில் இரண்டு இடத்தில் பிழை விட்டேன். எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

பத்து ஐம்பது. பதினொன்று. மேடத்திடமிருந்து இன்னொரு செய்தி. இந்தத் தடவை பேச்சு இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

பதினொன்று எட்டுக்கு அடையாளம் இரண்டானது. உடனே போன் அடித்தது. பின்னால் பஸ் கண்டக்டர் பத்து நிமிசம் என்று சிங்களத்தில் கத்துவது கேட்டது.

"என்னாங்க, என்ன ஆச்சு? பத்து தடவ எடுத்திருக்கீங்க. பயந்துட்டேன்."

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல. அந்த டிக்கெட்டு. பொட்டு வைக்காதது ஒன்னு ஒன்கிட்ட இருக்குல்ல? அத அனுப்பு."

"பொட்டு வைக்காதது எதுக்கு? பொட்டு வச்சது நல்லதுதானே."

போனை நான் வாங்கினேன். "அம்மா, நான்தான். பொட்டு நம்பர மறைக்குது. ஏஜென்சிக்காரர் அனுப்பினத அப்படியே எனக்கு அனுப்பு. படம் எடுக்காத, வந்தத அப்படியே அனுப்பு."

"அக்காவா? ஐயோ, நீங்களா எழுதுறீங்க. அப்ப சரி. இருங்க."

அப்ப சரி என்று அவள் சொன்னதை நான் கொப்பியில் எழுதவில்லை. ஆனால் நினைவில் இருக்கிறது.

கோப்பு வந்தது. குங்குமம் இல்லாத, வெள்ளை மூலையோடு கூடிய தாள். கடைசி இலக்கம் ஏழு. 14:40. பிற்பகல் விமானம். விடியற்காலை அல்ல.

அவன் என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். எனக்கு மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. ஏழைத் தட்டினேன், நேரங்களைத் தட்டினேன், "தெளிவில்லை" என்ற வரிகளை எடுத்தேன். புதிய தாளை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். இலக்கங்களை அவனை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவன் படித்தான், நான் சரி போட்டேன். நுழைவாயிலில் இரண்டு கோடுகள். அவன் அந்த வரியை "ரெண்டு கோடு" என்றே படித்தான்.

பதினொன்று இருபத்தொன்றுக்கு அனுப்பினேன். கூடவே தனியாக ஒரு வரி: தாளில் உள்ளது புறப்படும் நேரம், இறங்கும் நேரம் தாளில் இல்லை, விமான இலக்கத்தைப் பலகையில் பார்க்கவும்.

மேடம் ஒரே ஒரு சொல் சொன்னாள். நல்லது.

அவன் போகும்போது வாசலில் நின்று கேட்டான். "அப்ப அடுத்த தடவ பொட்ட எங்கக்கா வைக்கிறது?"

என் மேசையில் கிடந்த வீணான பிரதி ஒன்றை எடுத்து, எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். "இங்க. பூசாரிகிட்ட காட்டுங்க." அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாலை ஐந்தரைக்கு நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் விமான நிலையத்திலிருந்து படம் அனுப்பினாள். கவுண்டரில் கொடுத்த அட்டைகள். கொழும்பு அட்டையில் நுழைவாயில் இலக்கம் இருந்தது: 9. இரண்டாவதில் இன்னும் எதுவும் இல்லை. இருக்கைகள் மாறவில்லை. கொழும்பு நுழைவாயிலால் மேடத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும், நின்றபடியே போனில் அந்த வரியைத் தட்டி அனுப்பினேன்.

அடுத்த நாள் முழுவதும் நான் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

அதற்கு மறுநாள் காலை அவன் வந்தான். அன்று லீவு எடுக்கவில்லை, இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தான். தேயிலைத் தூள் வாசம் அடித்தது. போனை மேசையில் வைத்து, எனக்கென்று அவள் அனுப்பியிருந்த வொய்ஸைப் போட்டான்.

"அக்கா, எறங்கிட்டேன். வேற டிரைவர் வந்திருந்தாரு. பழைய ஆளுக்கு வர முடியலயாம். இவரு மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி அவருக்குத் தெரியாது. ஒரு தாளத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. ஒரு பக்கம் இங்கிலிசு, ஒரு பக்கம் அரபு. எனக்குத்தான் அரபு பேசத் தெரியுமே ஒழிய ரெண்டுமே வாசிக்கத் தெரியாதே. நடுவுல 27C ன்னு இருந்திச்சி. என் அட்டையக் காட்டினேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தாரு. வா ன்னாரு. அந்த ரூமுக்குள்ள கால் மணி நேரங்கூட இருக்கல. இப்ப வீட்ல இருக்கேன். சட்டி பானை எல்லாம் நான் போனப்ப இருந்த மாதிரியே கெடக்கு, ரெண்டு மாசமா யாரும் கழுவலயோ என்னமோ. சரிக்கா, மேடம் கூப்புடுது, வைக்கிறேன்."

அவன் அதை இரண்டாம் தடவை போட்டான். மூன்றாம் தடவை போடப் போனவன் நிறுத்திக்கொண்டான். "இன்னும் ரெண்டு வருசம்," என்றான். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

அவன் போனபின் கொப்பியைத் திறந்து, அந்த நாளுக்கு நேரே காலியாக விட்டிருந்த கடைசிப் பத்தியில் எழுதினேன்: இறங்கினாள். அழைத்துப் போனார்கள். 27C. கவுண்டரில் ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு காத்திருந்தார். அவருடைய தாளிலும் மூலையில் மஞ்சள் இருந்தது. முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.